முதல் மணி நேரப் பார்வை: சமூகப் பதிவாலா, அறிவிப்பாலா?

வணக்கம். சுங்கை சிப்புட்டில் இருந்து தோட்டத்துச் சமையல் யூடியூப் சேனல் நடத்துகிறேன், சந்தாதாரர்கள் 2,300. வெள்ளி இரவு 8 மணிக்குக் காணொளி. எட்டு வாரமாக ஒரு வாரம் மாலை 6 மணிக்குச் சமூகப் பதிவு போட்டேன், மறுவாரம் போடவில்லை. முதல் மணி நேரப் பார்வை, பதிவோடு 41, 96, 52, 60. இல்லாமல் 47, 38, 83, 44. சராசரி 62, 53. ஆனால் அந்த 96 கருவாட்டுக் குழம்பு, அதற்கு எப்போதுமே கூட்டம்தான்! அதை நீக்கினால் 51, வித்தியாசமே இல்லை.

அப்புறம் ஒன்பதாம் வாரம், பதிவும் போடாமல், சந்தாதாரர்களுக்கு அறிவிக்கும் டிக்கையும் எடுத்தேன்: 19. ஆனால் அதை எடுத்தால் காணொளி சந்தாப் பக்கத்திலும் வராது. குறைந்தது எதனால் என்று சொல்ல முடியவில்லை.

அறிவிப்பைத் தொடாமல், சமையல் குறிப்பின் ஈர்ப்பும் கலக்காமல், பதிவின் பங்கை மட்டும் எப்படி அளப்பது?