ஆப்பில் Paid, அம்மா பாஸ்புக்கில் ஒன்றுமில்லை

ஷார்ஜா மேஸ்திரி:
சம்பளம் வந்த மறுநாள் எக்ஸ்சேஞ்சில் 2,000 திர்ஹாம் கட்டினேன். ரேட் 23.20, ஊரில் 46,400 ரூபாய் ஏற வேண்டும். கமிஷன் வாட்டோடு 22.05. அன்று மாலையே ஆப்பில் Paid என்று வந்துவிட்டது. அம்மா நான்கு நாளாக வங்கிக்கு நடக்கிறார், பணம் ஏறவில்லை. போன் செய்தால் "24 மணி நேரம் பொறுங்கள்" என்பதைத் தவிர பதில் இல்லை. ஐந்தாம் நாள் ஆங்கிலத்தில் மெயில் போட்டேன். அதைத் தமிழில் தருகிறேன்:

"ஐயா, மார்ச் 3 அன்று உங்கள் கிளையில் என் தாயாரின் வங்கிக் கணக்குக்கு 2,000 திர்ஹாம் அனுப்பினேன். ரசீதை இணைத்திருக்கிறேன். பணம் கொடுக்கப்பட்டதாக உங்கள் ஆப் காட்டுகிறது, ஆனால் 7ஆம் தேதி வரை கணக்கில் வரவு இல்லை. பாஸ்புக் பக்கத்தின் படமும் இணைப்பில் உள்ளது. உங்கள் ரசீது எண்ணை வைத்து ஊர் வங்கியில் தேட முடியவில்லை என்கிறார்கள். எனவே இந்தியாவில் பணம் அனுப்பப்பட்டபோது உருவான UTR எண்ணையும், பணம் இப்போது எந்த வங்கியில் நிற்கிறது என்பதையும் எழுத்தில் தெரிவிக்கவும். பணம் திரும்பியிருந்தால் ரத்து செய்து எனக்குத் தரவும். தவறு உங்கள் பக்கம் என்றால் கமிஷனையும் திருப்பித் தரவும்."

இதில் ஏதாவது விட்டுவிட்டேனா?

தோஹா ராஜா:
எனக்கும் இதேதான் நடந்தது. மனைவியின் கணக்கு முழு கேஒய்சி இல்லாமல் திறந்த 'ஸ்மால் அக்கவுண்ட்'. அதில் வெளிநாட்டுப் பணம் ஏறாது என்று மேனேஜர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. ஆதார் கொடுத்துக் கணக்கை மாற்றிய பிறகு ஏறியது. உங்கள் அம்மாவுடையதும் அப்படித்தான் இருக்கும்.

ஷார்ஜா மேஸ்திரி:
இல்லை அண்ணே, போன மாதம்கூட இதே கணக்கில் ஏறியது. இந்தத் தடவை ஆப்பில் அனுப்பாமல் கவுண்டரில் கட்டினேன், அதுதான் வித்தியாசம்.

பழைய கவுண்டர்காரர்:
அப்படியென்றால் முதலில் ரசீதை எடுத்து, கணக்கு எண்ணைப் பாஸ்புக்கோடு ஒவ்வொரு இலக்கமாக ஒத்துப் பாருங்கள். துபாயில் ஒன்பது வருஷம் கவுண்டரில் உட்கார்ந்தவன் சொல்கிறேன், கூட்ட நாளில் தட்டச்சுப் பிழை சகஜம்.

Paid என்றால் ஏறிவிட்டது என்று அர்த்தமில்லை. எக்ஸ்சேஞ்சுக்கு இந்தியாவில் ஒரு வங்கியில் ரூபாய்க் கணக்கு இருக்கும். அந்த வங்கிதான் உங்கள் அம்மாவின் வங்கிக்கு நெஃப்டில் அனுப்பும். கணக்கு எண் தப்பென்றால் பணம் அதே வங்கிக்குத் திரும்பி வந்து படுத்திருக்கும். யாராவது கணக்கு ஒத்துப் பார்க்கும்வரை ஷார்ஜாவில் இருப்பவனுக்குத் தெரியாது. UTR கேட்டது சரி. நெஃப்ட் என்றால் எழுத்தும் எண்ணுமாக 16 இடம், அதை வைத்துத் தேடினால் ஊர் கிளையே சொல்லிவிடும்.

மெயிலில் ஒரு தவறு இருக்கிறது. 'ரத்து செய்து தரவும்' என்று எழுதாதீர்கள். ரத்து என்றால் அந்த 46,400 ரூபாயை ரத்து செய்யும் நாளின் ரேட்டில் மறுபடி திர்ஹாமாக்குவார்கள். 23.60 போட்டால் 1,966 திர்ஹாம்தான் வரும். 'எண்ணைத் திருத்தி மறுபடி அனுப்பவும், திருத்தக் கட்டணம் வேண்டாம்' என்று எழுதினால் 46,400 அப்படியே போகும்.

குவைத் செல்வம்:
ரிசர்வ் வங்கி விதிப்படி தாமதத்துக்கு ரெப்போ விகிதத்தோடு 2 சதவீதம் சேர்த்து வட்டி தரணும். அதையும் கேளுங்கள், விடாதீர்கள்!

பழைய கவுண்டர்காரர்:
விதி உண்டு தம்பி. ஆனால் அது நெஃப்ட் பணத்தை நேரத்துக்கு வரவு வைக்காத, திருப்பாத வங்கிக்கு. இங்கே ஊர் வங்கி உடனே திருப்பியிருந்தால் அதன்மேல் தப்பில்லை. நடுவில் இருக்கிற வங்கியில் கிடந்த நாட்களுக்கு வட்டி உண்டா என்று நானே வாதாடியிருக்கிறேன், யாரும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

ஷார்ஜா மேஸ்திரி:
பார்த்துவிட்டேன். பாஸ்புக்கில் 15 இலக்கம், ரசீதில் 14. நடுவில் ஒரு பூஜ்யம் காணோம்! ஆனால் ரசீதில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேனே?

பழைய கவுண்டர்காரர்:
அதைத்தான் காட்டுவார்கள். பணம் கட்டும்போதே பாஸ்புக் படம் அவர்களுக்குக் கொடுத்திருக்கிறீர்களா?

ஷார்ஜா மேஸ்திரி:
கிளையின் வாட்ஸப்புக்கு அனுப்பினேன், நேரத்தோடு இருக்கிறது. நீங்கள் சொன்ன திருத்தத்தோடு அதையும் இணைத்து இன்றே அனுப்புகிறேன்.

(ஆறு நாள் கழித்து)

ஷார்ஜா மேஸ்திரி:
UTR கொடுத்தார்கள். பணம் அன்று இரவே திரும்பியிருக்கிறது, அத்தனை நாளும் அந்த நடு வங்கியில் கிடந்தது. திருத்தி அனுப்பி நேற்று 46,400 ஏறிவிட்டது, திருத்தக் கட்டணம் இல்லை. கமிஷனில் 21 திர்ஹாம் தருகிறார்கள். வாட் 1.05 பற்றிப் பேச்சே இல்லை.

குவைத் செல்வம்:
காசாகவா, கூப்பனாகவா?

ஷார்ஜா மேஸ்திரி:
கூப்பன்தான். அடுத்த மாதம் வேறு எக்ஸ்சேஞ்சுக்கு மாறலாம் என்றிருந்தேன், இப்போது அந்த 21 திர்ஹாமுக்காக அங்கேயே போக வேண்டும்.