கலைச்சொல் மடலாடல்: திபெத்தியரின் மணி கோர்லோவும் டஷி தெலெக்கும்

பொன்னி எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். லாசாவில் வாழும் ஒரு குடும்பத்தின் புத்தாண்டு நாளைச் சொல்லும் சிறுவர் படநூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். பாட்டி ஒருவர் கைப்பிடி உள்ள சிறு உருளையை நூல் முழுவதும் சுழற்றிக்கொண்டே இருக்கிறார். அதைப் 'பிரார்த்தனைச் சக்கரம்' என்று எழுதினேன். வாய்விட்டுப் படிக்கையில் அது நாவில் நிற்கவில்லை. வீட்டுக்கு வருவோர் 'டஷி தெலெக்' என்கின்றனர். அதற்கு 'வணக்கம்' என்று போட்டிருக்கிறேன். இரண்டுக்கும் நல்ல தமிழ் வேண்டும்.

தணிகாசலம் எழுதியது:

அம்மா, இதற்குப் புதுச்சொல் தேடவே தேவையில்லை. பௌத்தத்தின் சக்கரத்துக்கு 'அறவாழி' என்னும் சொல் நம்மிடம் பழங்காலத்திலிருந்தே இருக்கிறது. அதையே ஆளலாம். டஷி தெலெக் என்பது திபெத்தியரின் வணக்கம்தான். அவர்கள் எந்நேரமும் அதைத்தான் சொல்கிறார்கள். அந்த இடத்தில் நீங்கள் எழுதியது சரியே.

மங்கையர்க்கரசி எழுதியது:

தணிகாசலம் ஐயா சொல்லும் அறவாழி, புத்தர் முதல் அறவுரையில் உருட்டியதாகச் சொல்லப்படும் தருமச் சக்கரம். பாட்டியின் கையில் இருப்பது வேறு பொருள். திபெத்திய மொழியில் இரண்டுக்கும் 'கோர்லோ' என்னும் ஒரே சொல் வருவதால் இந்த மயக்கம் இயல்புதான். ஆனால் கருவியின் பெயர் 'மணி கோர்லோ'. நடுவே ஓர் அச்சு இருக்கும். அதைச் சுற்றி, 'ஓம் மணி பத்மே ஹூம்' என்னும் ஆறெழுத்து மந்திரம் திரும்பத் திரும்ப அச்சிடப்பட்ட தாள்நாடா இறுகச் சுருட்டப்பட்டிருக்கும். அதன்மேல் உலோகக் கூடு ஒன்று பொருத்தப்பட்டு, கூட்டின் பக்கத்திலிருந்து ஒரு சிறு சங்கிலி எடைக்குண்டோடு தொங்கும். மணிக்கட்டை இலேசாக அசைத்தாலே உருளை சுழல்வது அந்தக் குண்டினால்தான். கூட்டின் வெளிப்புறத்திலும் அதே மந்திரம், பெரும்பாலும் இந்திய வழிவந்த இலாஞ்சா என்னும் அலங்கார எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும்.

சுழற்ற வேண்டியது வலஞ்சுழியாக. மேலிருந்து பார்த்து வலமாகச் சுழற்றினால் நம் எதிரே உள்ள பக்கம் வலமிருந்து இடமாக நகரும். அப்போது இடமிருந்து வலமாக எழுதிய எழுத்துகள் படிக்கும் வரிசையிலேயே கண்முன் கடந்து செல்லும். மாற்றிச் சுழற்றினால் மந்திரம் கடைசியெழுத்திலிருந்து ஓடும். திபெத்தின் பழைய போன் சமயத்தார் வேறு மந்திரத்தை வைத்து இடஞ்சுழியாகவே சுழற்றுகின்றனர். ஆகவே படத்தில் பாட்டியின் கை எத்திசையில் சுழற்றுகிறது என்பதை ஓவியரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

'பிரார்த்தனை' என்ற சொல்லை நான் ஏற்கத் தயங்குவதற்குக் காரணம், உள்ளே இருப்பது எவரிடமும் வைக்கும் வேண்டுகோள் அன்று என்பதே. ஒரு முறை சுழற்றினால் உள்ளே எத்தனை படி மந்திரம் உண்டோ அத்தனையையும் ஓதியதற்கு ஈடு என்பது அவர்கள் நம்பிக்கை. நம் வழக்கில் மந்திரத்தை எண்ணிக்கையாகத் திரும்பத் திரும்ப ஓதுவதை 'உருவேற்றுதல்' என்போம். அந்தக் கருத்துதான் இந்தக் கருவியின் உயிர்.

அருள்தாஸ் எழுதியது:

அப்படியானால் 'செபவுருளை' என்று சொல்லலாமே. செபமாலையைச் சைவரும் அறிவர், எங்களைப் போன்ற கிறித்தவரும் அறிவர். அதைக் கேட்ட காதுக்கு இது உடனே பிடிபடும். 'மந்திரச் சக்கரம்' என்று எழுதினால் நம் வாசகர் செப்புத்தகட்டில் கட்டம் கீறிப் பூசையில் வைக்கும் சக்கரத்தையே நினைப்பார்கள். 'மணிச் சக்கரம்' என்றால் ஆலயமணி ஒலிக்கத் தொடங்கிவிடும்.

கதிரேசன் எழுதியது:

கர்நாடகத்தின் பைலகுப்பே திபெத்தியக் குடியிருப்புக்குச் சென்றபோது வரிசையாக நின்ற பெரிய உருளைகளைக் கையால் தள்ளிச் சுழற்றியபடி முதியோர் நடந்ததைக் கண்டேன். அவற்றுக்கும் இந்தச் சொல் பொருந்துமா? அங்கே எடுத்த படத்துக்கு 'தாமரையில் உள்ள மணியே போற்றி' என்று விளக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.

மங்கையர்க்கரசி எழுதியது:

செபவுருளை எனக்கும் பிடித்திருக்கிறது. ஒரு கலைச்சொல் அடைமொழி ஏற்று நீளுமா என்று பார்க்க வேண்டும். இது கைச் செபவுருளை, நீர்ச் செபவுருளை, காற்றுச் செபவுருளை என்று தடையின்றி நீள்கிறது. திபெத்தியரும் கைக்கும் நீருக்கும் காற்றுக்கும் அப்படித்தான் அடை சேர்த்துப் பெயரிடுகின்றனர். கதிரேசன் கண்டவை நிலையாக நிறுத்திய செபவுருளைகள்.

ஆனால் அவரது விளக்கத்தை மாற்ற வேண்டும். 'பத்மே' என்பதைத் 'தாமரையில்' என்று கொள்வது நெடுநாள் வழக்கு. 'மணிபத்மா' என்பதன் விளிவடிவமாகக் கொள்வோரும் உண்டு. அறிஞரிடையே இது முடியாத வழக்கு. திபெத்தியர் சமஸ்கிருத எழுத்தமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு 'ஓம் மணி பேமே ஹுங்' என்று ஒலிக்கின்றனர், மொழிபெயர்ப்பதில்லை. 9ஆம் நூற்றாண்டில் அரசின் ஆணையால் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சமஸ்கிருதச் சொற்களுக்குத் திபெத்தியச் சொல் வகுத்துத் தொகுத்த அம்மக்கள், மந்திரங்களை மட்டும் ஒலியாகவே விட்டுவைத்தார்கள் என்பது நாம் கருதத்தக்கது. தேவர், அசுரர், மனிதர், விலங்கு, பேய், நரகர் என்னும் ஆறு பிறப்பினரில் ஒவ்வொருவர் துன்பமும் ஓரெழுத்தால் நீங்க வேண்டும் என்பது அவர்கள் கொள்ளும் பொருள். அந்த விருப்பத்தைப் படவிளக்கத்தில் எழுதுங்கள். மந்திரத்தை எழுத்துப்பெயர்ப்பாக விடுங்கள். இம்மந்திரத்துக்குரிய போதிசத்துவரான அவலோகிதர் தமிழுக்கும் அயலார் அல்லர். அகத்தியர் அவரிடம் தமிழ் கேட்டதாக வீரசோழியம் கூறுகிறது.

இனி டஷி தெலெக். தணிகாசலம் ஐயா சொல்வது இன்றைய வழக்குக்குப் பெரிதும் பொருந்தும். முன்பு அது புத்தாண்டு, திருமணம் போன்ற மங்கல நாள்களின் வாழ்த்து. அன்றாட முகமனாகப் பரவியது பெரும்பாலும் 1959க்குப் பின், புலம்பெயர்ந்த வாழ்வில். பூட்டானில் இன்றும் அன்றாட முகமன் 'குசுசாங்போ லா' தான். 'டஷி' என்பது மங்கலம், 'தெலெக்' என்பது இன்பமும் நன்மையும். புத்தாண்டில் வறுத்த வாற்கோதுமை மாவைத் துளி எடுத்து மேலே தூவியபடி இதைத் தொடர்ந்து நீண்ட வாழ்த்தையும் சொல்வர்: எல்லா நிறைவும் கூடுக, இல்லத்து அன்னை மகிழ்வோடும் உடல்நலத்தோடும் இருக்க, நிலையான இன்பம் பெறுக. இவ்வாழ்த்தின் முடிவில் வரும் 'ஷோக்' என்னும் சொல் நம் வியங்கோள் 'க' செய்யும் வேலையையே செய்கிறது. பொன்னி நூலில் வருவது புத்தாண்டுக் காட்சி என்பதால் 'வணக்கம்' அங்கே இளைத்துவிடும்.

ஒலிப்பு பற்றியும் ஒரு சொல். முதலெழுத்து லாசாப் பேச்சில் நாமடி ஒலி. பூட்டானில் 'ட்ராஷிகாங்' என்று ஊர்ப்பெயரில் வருவதும் அதே சொல்தான். இரண்டாம் சொல்லின் முதலெழுத்து பல்லொலி. ஆகவே 'தாஷி டெலக்' என்று தலைகீழாக எழுதாமல், நீங்கள் எழுதியபடி 'டஷி தெலெக்' என்றே எழுதுவது நம் எழுத்துக்கும் பெருமை.

பொன்னி எழுதியது:

பாட்டியின் கையில் செபவுருளையைத் தந்துவிட்டேன். படத்தில் கை இடஞ்சுழியாகத் திரும்பியிருக்கிறது, ஓவியருக்கு எழுதியுள்ளேன். வாழ்த்தை ஒலியாக விட்டு, முதன்முறை வரும் இடத்தில் பாட்டியே பேத்தியிடம் 'மங்கலமும் நலமும் பெருகுக என்பதுதான் அது' என்று சொல்வதாக அமைக்க எண்ணுகிறேன்.

தணிகாசலம் எழுதியது:

அறவாழியை விட்டுவிடுகிறேன். ஆனாலும் 'உருளை' என்றவுடன் சிறுவர்க்குக் கிழங்கு நினைவுக்கு வரும். 'செபச்சுழலி' என்பதைக் குழுவினர் இன்னொரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும். மங்கையர்க்கரசி அம்மா சொன்ன மூன்று அடைமொழிகளையும் அதுவும் ஏற்கிறது.