கலைச்சொல் வேண்டும்: ரீடார்கெட்டிங், காஸ்ட் பெர் என்கொயரி

க.மா. எழுதியது:

வணக்கம். அரசுத் தேர்வுக்குப் பயிற்சி தரும் ஒரு சிறிய மையத்தின் ஊழியர்களுக்கு விளம்பரக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு சொற்களில் மாட்டிக்கொண்டேன்.

ஒன்று ரீடார்கெட்டிங். தளத்துக்கு வந்து கட்டணத்தைப் பார்த்துவிட்டு, படிவம் நிரப்பாமல் போனவருக்கே பிறகு ஃபேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ நம் விளம்பரத்தைக் காட்டுவது. 'மறு இலக்கு' என்று எழுதினேன். வரவேற்பில் இருக்கும் பெண் படித்துவிட்டு, "டார்கெட்டை மாத்திட்டாங்களா சார்?" என்றார்.

இன்னொன்று காஸ்ட் பெர் என்கொயரி, அதாவது ஒரு விசாரிப்பு வர ஆகும் விளம்பரச் செலவு. 'விசாரணைச் செலவு' என்றால் போலீஸ் ஸ்டேஷன்தான் ஞாபகம் வருகிறது.

த.வே. எழுதியது:

'மீட்டழைப்பு' சரியாக வரும். மீட்டழை, மீட்டழைப்புப் பட்டியல், மீட்டழைப்பு விளம்பரம் என்று வினையும் தொடரும் தடங்கலின்றிக் கிளைக்கின்றன. இலக்கு என்பது எய்பவனின் சொல். வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனவரை நாம் கூப்பிடத்தானே செய்கிறோம்?

ஒரு உறுப்பினர் எழுதியது:

கூப்பிடுவதா! நான் ஒருநாள் குக்கர் விலை பார்த்தேன். வாங்கியும் விட்டேன், பக்கத்துக் கடையில். இரண்டு மாதம் அந்தக் குக்கர் என்னை விடவில்லை. 'துரத்து விளம்பரம்' என்று வையுங்கள். அப்புறம், அதை எப்படி நிறுத்துவது என்றும் யாராவது சொல்லுங்கள்.

செ. எழுதியது:

அம்மா, விளம்பரத்தின் மூலையில் உள்ள மூன்று புள்ளியையோ பெருக்கல் குறியையோ தொட்டால் மறைக்க வழி இருக்கும். நீங்கள் கடையில் வாங்கியது அந்தத் தளத்துக்குத் தெரியாது, அதனால்தான் துரத்தியது.

க.மா., முதல் சொல் எதுவானாலும் பாதகமில்லை. இரண்டாவதில்தான் பணம் போகிறது. நான் பார்த்த ஒரு மையத்தின் ஒரு மாதக் கணக்கைச் சொல்கிறேன். புதியவர்களுக்கான விளம்பரத்துக்கு 30,000 ரூபாய், வந்துபோனவர்களுக்கு 5,000. மெட்டாவின் திரை முதலாவதற்கு 60 விசாரிப்பு, இரண்டாவதற்கு 40 என்று காட்டியது. ஒன்றுக்கு 500 ரூபாய், மற்றதற்கு 125. உரிமையாளர் மொத்தப் பணத்தையும் இரண்டாவதில் போடச் சொல்லிவிட்டார்.

அந்த 40-ஐப் பிரித்துப் பார்த்தோம். விளம்பரத்தைத் தொட்டு வந்தவை 15. மீதி 25-ம், விளம்பரம் திரையில் தெரிந்த ஒரு நாளுக்குள் தாங்களாகவே தளத்துக்கு வந்து நிரப்பியவை. மெட்டா வழக்கமாக அவற்றையும் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். இவர்கள் கட்டணம்வரை பார்த்துப் போனவர்கள், எப்படியும் திரும்பி வந்திருக்கக்கூடியவர்கள். விளம்பரத்தால்தான் வந்தார்கள் என்று நிரூபிக்க வழியில்லை.

தொட்டு வந்த 15-ஐ, இணைப்பில் நாங்கள் வைத்த குறியை வைத்துப் பதிவேட்டின் கைபேசி எண்களோடு ஒப்பிட்டோம். 3 பதிவுகள் ஒரே ஆள், படிவம் நிரப்பியதும் வரும் 'நன்றி' பக்கத்தை மறுபடி திறந்ததால் கூடியவை. 2 பேர் ஏற்கெனவே சேர்ந்த மாணவர்கள். மாதிரித் தேர்வு மதிப்பெண் பார்க்க வந்து பட்டியலில் சிக்கியவர்கள். ஆக 10 பேர். 5,000-ஐ 10-ஆல் வகுத்தால் அதே 500!

அதனால் 'தலைக்குச் செலவு' என்று வையுங்கள். விசாரிப்பு என்றால் படிவத்தை எண்ணத் தோன்றும், தலைக்கு என்றால் ஆளை எண்ணித்தான் ஆக வேண்டும். கையேட்டில் இன்னொன்றும் எழுதுங்கள்: புதியவர்களுக்கான விளம்பரத்தை நிறுத்தினால் வந்துபோனவர் பட்டியலும் வற்றிவிடும். அந்த மையம் 30 நாள் பட்டியல் வைத்திருந்தது. தளத்துக்கு வந்துபோனவர் பட்டியலுக்கு மெட்டாவில் அதிகபட்சமே 180 நாள்தான்.

ந. எழுதியது:

வந்துபோனவரை அடையாளம் காட்டும் குக்கீயே ஒழியப் போகிறதே, செத்துப்போகும் நுட்பத்துக்கு எதற்குச் சொல்?

செ. எழுதியது:

பாதி சரி. சஃபாரி 2020-லேயே வெளித்தளக் குக்கீகளை முழுக்க அடைத்துவிட்டது, ஐபோன்காரர்களில் பலர் பட்டியலில் விழுவதே இல்லை. ஆனால் குரோமில் அதை நீக்கும் திட்டத்தை கூகுள் 2024-ல் கைவிட்டது. அதோடு, கைபேசி எண்களை ஏற்றியும் பட்டியல் செய்யலாம். அதற்குக் குக்கீ வேண்டாம்.

க.மா. எழுதியது:

'தலைக்குச் செலவு' எனக்குப் பிடித்துவிட்டது. செ., ஒரு கேள்வி: இரண்டு வாரம் வந்துபோனவர்களுக்கான விளம்பரத்தை நிறுத்திவிட்டு, விசாரிப்பு குறைகிறதா என்று பார்த்தீர்களா?

செ. எழுதியது:

பார்த்தோம். அதே வாரம் தேர்வு அறிவிக்கை வந்து விசாரிப்பு இரட்டிப்பாகிவிட்டது. சோதனை பாழ்.

த.வே. எழுதியது:

தலைக்கு என்பதில் எனக்கு ஒரு தடை. அப்பா ஒரு எண்ணிலிருந்தும் மகள் இன்னொன்றிலிருந்தும் விசாரித்தால் எத்தனை தலை? அக்காள் தங்கை இருவருக்கும் சேர்த்து அம்மா ஒரே எண்ணில் கேட்டால்?

க.மா. எழுதியது:

வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் கேட்டேன். அவர் நோட்டில் ஏற்கெனவே 'வீடு' என்றுதான் எழுதி வைத்திருக்கிறார்.