காற்றில் பெயர்ந்த சோலார் பேனல்கள்: கிளைம் கடிதமும் அமைப்பாளரின் அறிக்கையும்

காட்பாடி உறுப்பினர்:
மே மாத இரவொன்றில் அடித்த கோடைமழைக் காற்றில் எங்கள் மாடியிலிருந்த ஆறு 540 வாட் பேனல்களில் இரண்டு சட்டத்திலிருந்து பெயர்ந்து கைப்பிடிச் சுவரில் மோதி நொறுங்கின. மூன்றாவதின் கண்ணாடி விரிசல் விட்டது. மற்ற மூன்றும் பார்வைக்கு நன்றாகவே இருந்தன. வீட்டுக்கான இன்சூரன்ஸ், பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி. அதில் கட்டடத்தின் பகுதியாகச் சோலார் பேனல்களும் சேரும். புயலும் சூறைக்காற்றும் காப்புக்கு உட்பட்டவை. எனவே காற்றடித்த நாள், நேரம், பேனல்களின் பின்புறம் ஒட்டியிருக்கும் வரிசை எண்கள் ஆகியவற்றைக் குறிப்பிட்டுக் கடிதம் எழுதி, பேனல் அமைத்தவரின் அறிக்கையையும் இணைத்தேன்.

சிக்கல் அந்த அறிக்கையில்தான் வந்தது. "இயற்கைச் சீற்றத்தாலும் கிளாம்ப் தளர்ச்சியாலும் சேதம்" என்று ஒரே வரியில் முடித்திருந்தார். தளர்ச்சி முன்பே இருந்ததென்றால் அது பொருத்தியவரின் வேலைக்குறை என்று இன்சூரன்ஸ் தரப்பு கேள்வி எழுப்பியது. காற்றுச் சேதம் வாரண்டி விலக்குகளில் உள்ளது என்று பேனல் தயாரித்த நிறுவனம் மின்னஞ்சல் அனுப்பியது. ஒரே வரியின் முதற்பாதியைக் காட்டி ஒருவரும் பிற்பாதியைக் காட்டி மற்றவரும் ஒதுங்கிக்கொண்டார்கள்.

குடியாத்தம் உறுப்பினர்:
கிளாம்ப் என்ற சொல்லே அறிக்கையில் வரக்கூடாது. புயல் என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். எங்கள் தெருவில் அப்படித்தான் வாங்கினார்கள்.

ராணிப்பேட்டை உறுப்பினர் (ஓய்வு பெற்ற இன்சூரன்ஸ் சர்வேயர்):
காரணம் காற்று என்பதை முன்வைக்க வேண்டும் என்ற அளவில் நண்பர் சொல்வது சரி. ஆனால் கிளாம்பை மறைத்தால், சர்வேயர் மாடி ஏறியதும் முதலில் பார்ப்பதே அதைத்தான். காற்று புதிதாக உலுக்கியிருந்தால் போல்ட் மரையும் அலுமினியச் சட்டத்தின் உராய்வுக் கோடும் பளிச்சென்று இருக்கும். மாதக்கணக்கில் ஆடியிருந்தால் உராய்ந்த இடம் கறுத்துப்போய், போல்ட் துவாரமும் நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கும். ஆகவே அமைப்பாளர் தீர்ப்பு எழுத வேண்டாம். ஒவ்வொரு பேனலுக்கும் தாம் கண்டதை மட்டும் தனித்தனியாக, அருகிலெடுத்த படத்துடன் எழுதினால் போதும். இன்னொன்றையும் கவனியுங்கள்: பொருத்திய வேலைக்கு உத்தரவாதம் கொடுத்தவரும் அவரே என்பதால், தம்மைக் காக்கவே அவர் பேனா போகும்.

ஆற்காடு உறுப்பினர்:
எங்கள் வீட்டில் இடி விழுந்து இன்வெர்ட்டர் கருகிப்போனது. அதற்கும் இதே கடிதம் போதுமா, ஐயா?

ராணிப்பேட்டை உறுப்பினர்:
உங்களுடையது வேறு, தம்பி. மின்னல் காப்பில் உண்டு. ஆனால் உள்ளே ஏற்படும் ஷார்ட் சர்க்யூட்டை மின் சாதனங்களின் விலக்கில் சேர்ப்பார்கள். மின்னல் எவ்வழியே வந்தது, எர்த்திங் எப்படி இருந்தது என்பதற்கு அறிக்கை வேண்டும். தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன்.

காட்பாடி உறுப்பினர்:
ஐயா சொன்னபடி அமைப்பாளரை மறுபடியும் மாடிக்கு அழைத்துச் சென்றேன். பெயர்ந்த இரண்டின் கிளாம்ப்களில் மரை பளபளத்தது; உராய்வுக் கோடும் வெள்ளையாகவே இருந்தது. அதைப் படத்தோடு எழுதிக் கையொப்பமிட்டார். மூன்றாவது பேனலின் கண்ணாடியில் ஒரு புள்ளியிலிருந்து நாற்புறமும் விரிசல் ஓடியதால், பறந்து வந்த பொருள் மோதிய தடம் என்று குறித்தார். இன்வெர்ட்டர் செயலியிலிருந்து முந்தைய நாள் வரையிலான உற்பத்திப் பதிவை நான் இணைத்தேன்; வழக்கமான அளவே உற்பத்தி ஆகியிருந்ததால், பேனல்கள் அதுவரை வேலை செய்தன என்பதற்கு அதுவே சான்றாயிற்று. அன்றைய காற்றைப் பற்றி வேலூர் வானிலை நிலவரத்தையும் சேர்த்தேன். வாரண்டியை மறுத்த அந்த மின்னஞ்சலையும் விடவில்லை. சேதம் வெளியிலிருந்து வந்தது என்று தயாரித்தவரே எழுதியது எங்களுக்குத்தான் உதவியது. மூன்று பேனல்களுக்கும் சட்டத்துக்கும் கிளைம் ஏற்கப்பட்டது.

மிச்சமுள்ள மூன்றுதான் இன்னும் இழுபறியில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் செல்லுக்குள் இருக்கலாம் என்பது அமைப்பாளரின் கருத்து. வெளிப்பட்ட சேதம் இல்லை என்கிறது இன்சூரன்ஸ். ஈ.எல். எனப்படும் ஒளிப்படச் சோதனை செய்து உறுதிப்படுத்தினாலும், அது காற்றால் வந்ததா தயாரிப்புக் குறையா என்ற கேள்வி மீண்டும் வாரண்டிப் பக்கமே போகும் என்று தோன்றுகிறது.

ராணிப்பேட்டை உறுப்பினர்:
இப்போதே மூன்றின் வரிசை எண்ணையும் எழுதி, "பின்னர் குறை தெரிந்தால் இதே நிகழ்வின் கீழ் கோருவேன்" என்று ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கி வையுங்கள். முழு இறுதித் தீர்வு என்ற ரசீதில் கையொப்பமிடும் முன் அந்த மூன்றும் அதில் அடங்குமா என்று கேளுங்கள். அது கிடைக்குமா என்பதை நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

குடியாத்தம் உறுப்பினர்:
சோதனைக்கு ஆகும் செலவு ஒரு பேனல் விலையைத் தாண்டினால் அதைச் செய்வதில் என்ன பலன், அண்ணா?

காட்பாடி உறுப்பினர்:
அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். மூன்றும் சேர்ந்து கொடுக்கும் உற்பத்தியைத் தினமும் குறித்து வருகிறேன். அது குறையத் தொடங்கினால்தான் சோதனைக்கு அனுப்புவேன்.