கலாத்தியர் 5:12: "தறிப்புண்டு" என்பதா, "தறித்துக்கொண்டு" என்பதா? உங்கள் அனுபவம் என்ன?

செமினரி மாணவி

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கிரேக்க வகுப்பில் கலாத்தியர் 5-ஆம் அதிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. 12-ஆம் வசனத்தில் பவுல் எழுதுவது "அப்பொகோப்சொந்தாய்". எதிர்காலம், மிடில் வாய்ஸ். பாஸிவ் என்றால் "அப்பொகொபேசொந்தாய்" என்று வந்திருக்கும். நிகழ்காலத்தில் இரண்டுக்கும் ஒரே வடிவம்தான், ஆனால் எதிர்காலத்தில் வேறு வேறு. அதனால் இங்கே மிடில்தான் என்பதில் சந்தேகமே இல்லை.

நம் பழைய மொழிபெயர்ப்பிலோ "உங்களைக் கலக்குகிறவர்கள் தறிப்புண்டுபோனால் நலமாயிருக்கும்" என்று இருக்கிறது. யாரோ அவர்களைத் தறிப்பதுபோல. இந்த வசனத்தைப் பிரசங்கித்தவர்கள், மொழிபெயர்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? "கொள்" சேர்க்கவேண்டுமா? கேட்டவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள்?

கடலோரப் போதகர்

மகளே, நான் இந்த அதிகாரத்தைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். "தறிப்புண்டு" என்றதும் சபையாருக்கு ஆதியாகமம் 17 நினைவுக்கு வரும். விருத்தசேதனம் இல்லாதவன் ஜனத்தில் இராதபடிக்கு "அறுப்புண்டு" போவான் என்று அங்கே இருக்கிறதல்லவா? அதே தண்டனையைப் பவுல் திருப்பிப் போடுகிறார் என்றுதான் நான் விளக்குவேன். சபையிலிருந்து நீக்கப்படட்டும் என்று அர்த்தம்.

எங்கள் சபையில் ஒரு பிரிவினை நடந்தது. கலக்கினவர்கள் நீக்கப்பட்ட பிறகுதான் சமாதானம் வந்தது. அந்த நாட்களில் இந்த வசனத்தை நான் எப்படிப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். அதனால் "தறிப்புண்டு" என்பதை மாற்றவேண்டாம் என்பது என் வேண்டுதல்.

திருத்தக்குழுவில் இருந்தவர்

ஐயா, நீங்கள் பட்ட பாட்டுக்கு அந்த வசனம் ஆறுதல் தந்தது என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் ஆதியாகமம் 17-இன் கிரேக்க மொழிபெயர்ப்பில் இருப்பது வேறு வினைச்சொல். பவுல் எடுத்த சொல் உடல் உறுப்பை வெட்டுவதற்கு வருவது. பேதுரு மல்குஸின் காதை வெட்டியதற்கு யோவான் 18:10-இல் இதே வினைதான், அங்கே ஆக்டிவ். உபாகமம் 23:1-இல் "கோசமறுக்கப்பட்டவன்" என்று நாம் படிக்கும் இடத்திலும் கிரேக்கத்தில் இதே சொல்தான். விருத்தசேதனத்தைப் பற்றி இத்தனை வசனம் பேசிவிட்டு இந்தச் சொல்லைப் போட்டால், முதல் வாசகர்களுக்கு என்ன கேட்டிருக்கும்? கிறிசோஸ்தோமும் ஜெரோமும் ஆண்மை நீக்கம் என்றே படித்தார்கள். லத்தீன் வுல்காத்தா இதைப் பாஸிவாகப் போட்டது. 1611-இன் ஆங்கில மொழிபெயர்ப்பும் பாஸிவ்தான். ஆக, "தறிப்புண்டு" தனியாக நிற்கவில்லை, நீண்ட வழக்கத்தோடுதான் நிற்கிறது.

ஆனால் தங்கச்சி, நீ அதே அதிகாரத்தின் 2-ஆம் வசனத்தைத் தமிழில் பார். "நீங்கள் விருத்தசேதனம்பண்ணிக்கொண்டால்" என்று இருக்கிறது. அங்கே கிரேக்கம் நிகழ்காலம். மிடிலா பாஸிவா என்று வடிவத்தை வைத்துச் சொல்லவே முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் "கொள்" போட்டிருக்கிறார்கள். வடிவம் சந்தேகமில்லாமல் மிடிலாக இருக்கும் 12-இல் "உண்" போட்டிருக்கிறார்கள். இதனால் பவுலின் குத்தல் தமிழில் தொலைந்துபோகிறது. "பண்ணிக்கொள்ளச் சொல்கிறார்களே, அவர்கள் அதற்கு மேலும் போய்த் தறித்துக்கொள்ளட்டும்" என்பதுதான் ஓட்டம். கிரேக்கத்தில் அந்த வினைக்கு முன்னால் "காய்" என்ற இடைச்சொல் நிற்கிறது. "அதையும்கூட" என்று அழுத்துவது அதுதான். நம் வசனத்தில் அதுவும் இல்லை.

இளைஞர் ஐக்கியத் தலைவர்

மிடில் வாய்ஸ் என்றாலே தனக்குத்தானே செய்துகொள்வது. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது பிரதர்? 1 கொரிந்தியர் 13:8-ஐ எடுங்கள். தீர்க்கதரிசனமும் அறிவும் "ஒழிந்துபோம்", அது பாஸிவ். அந்நியபாஷைகள் "ஓய்ந்துபோம்", அது மிடில். யாரும் நிறுத்தாமல் தானாகவே ஓயும் என்று அர்த்தம். எங்கள் ஐக்கியத்தில் இதை வைத்துப் பெரிய வாக்குவாதமே நடந்தது. அங்கேயும் "தானாகவே" என்று சேர்க்கவேண்டும்.

திருத்தக்குழுவில் இருந்தவர்

தம்பி, அது மிடில் என்பது சரி. "தானாகவே" என்பதுதான் ஒட்டவில்லை. லூக்கா 8:24-இல் இயேசு அதட்டியதும் காற்றும் கொந்தளிப்பும் நின்றுபோகின்றன. அதே வினை, அதே மிடில். காற்று தானாகவா நின்றது? அந்த வினை ஆக்டிவில் "நிறுத்து", மிடிலில் "நில், ஓய்". அவ்வளவுதான். யார் நிறுத்தினார் என்பதை வடிவம் சொல்லாது. தமிழில் "ஓய்" என்ற தன்வினையே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. "ஓய்ந்துகொள்ளும்" என்று யாராவது பேசுவார்களா? ஆகவே ஒவ்வொரு வினையையும் தனித்தனியாகத்தான் பார்க்கவேண்டும்.

தமிழாசிரியை

எனக்குக் கிரேக்கம் தெரியாது. "கொள்" பற்றி மட்டும் சொல்கிறேன். "முடி வெட்டிக்கொண்டேன்" என்கிறோம். கத்தரி பிடித்தவர் வேறு ஆள். "விருத்தசேதனம் பண்ணிக்கொண்டான்" என்பதும் அப்படியே. செய்தவர் யாராக இருந்தாலும், சம்மதமும் விளைவும் எழுவாயுடையது. "தன்னைத் தானே" என்று சேர்த்தால்தான் கத்தி அவன் கையில் இருக்கிறது என்று ஆகும். கிரேக்கத்தில் அந்த அளவுக்கு இருக்கிறதா?

செமினரி மாணவி

டீச்சர், இல்லை! மத்தேயு 19:12-இல் "தங்களை அண்ணகர்களாக்கிக்கொண்டவர்கள்" என்று வருகிறது. அங்கே கிரேக்கம் ஆக்டிவ் வினையோடு "ஹெயவுத்தூஸ்", அதாவது "தங்களை" என்ற சொல்லைத் தனியாகப் போட்டிருக்கிறது. கலாத்தியரில் அந்தச் சொல் இல்லை, மிடில் மட்டும்தான். அப்படியானால் "கொள்" வேண்டும், "தங்களை" வேண்டாம் என்று ஆகிறதே.

மலைக்கிராம ஊழியர்

ஏட்டில் அழகாகத்தான் இருக்கிறது. நாங்கள் ஒரு எளிய தமிழ் வரைவைக் கிராமத்தில் வாசித்துக் காட்டி, கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்வோம். "கலக்குகிறவர்கள் வெட்டிக்கொண்டால் நல்லது" என்று வாசித்தோம். ஒரு பாட்டி, "ரெண்டு கோஷ்டியும் அரிவாளால வெட்டிக்கிட்டுச் சாகட்டும்ங்கறாரு" என்றார். 15-ஆம் வசனத்தில் "ஒருவரையொருவர் கடித்து" என்று வேறு வருகிறதா, அவருக்கு அது இன்னும் உறுதியாகிவிட்டது. "அறுத்துக்கொண்டால்" என்று மாற்றினோம். கழுத்தை அறுத்துக்கொள்வது என்று எடுத்துக்கொண்டார்கள். தமிழில் இந்த இரண்டு வினையோடும் "கொள்" சேர்ந்தால் சண்டையோ தற்கொலையோதான் முதலில் காதில் விழுகிறது. எதை வெட்டுவது என்று சொல்லாமல் தீராது.

கடலோரப் போதகர்

அதைச் சொன்னால் ஞாயிறு ஆராதனையில் குழந்தைகள் முன்னால் எப்படி வாசிப்பது?

மலைக்கிராம ஊழியர்

ஐயா, "விதையடித்துக்கொள்ளட்டும்" என்று வைத்தபோது சிரிப்பு வந்தது, ஆனால் ஒருவரும் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. மாடு வளர்க்கிற ஊர், சொல் அவர்களுக்குப் புதிதல்ல. பவுல் கோபமாகப் பேசுகிறார் என்றும் சரியாகச் சொன்னார்கள்.

செமினரி மாணவி

எங்கள் விரிவுரையாளர் பெசினூஸ் என்ற ஊரைச் சொன்னார். கலாத்தியா மாகாணத்தில் சிபெலே தேவியின் பெரிய கோயில் இருந்த இடம். அவள் பூசாரிகள் தங்களைத் தாங்களே ஆண்மை நீக்கிக்கொண்டவர்கள். பவுல் அதை மனதில் வைத்திருந்தால் "தங்களைத் தாங்களே" என்பதற்கும் நியாயம் வந்துவிடுமா?

திருத்தக்குழுவில் இருந்தவர்

நிருபம் வடக்கே போயிருந்தால் அந்த வாதம் பலமானது. தெற்கே அந்தியோகியா, இக்கோனியா, லீஸ்திராவுக்குப் போயிருந்தால் கொஞ்சம் தளரும், ஆனாலும் அந்தப் பூசாரிகளை அங்கேயும் அறிந்திருப்பார்கள். நான் அதை அடிக்குறிப்பில்தான் வைப்பேன். வசனத்தில் "தறித்துக்கொண்டால்" போதும் என்பது என் பக்கம். "தறி" மரத்துக்கு வரும் சொல். "வெட்டு" போலச் சண்டையையோ "அறு" போலக் கழுத்தையோ உடனே இழுத்து வராது.

மலைக்கிராம ஊழியர்

எங்கள் பாட்டிக்குத் "தறி" என்றால் நெசவுத்தறிதான் அண்ணே. அடிக்குறிப்பும் அவருக்கு எட்டாது, அவர் காதால் கேட்கிறவர்.