உதவி தேவை: ஸ்பெயின் மருந்துப் பெட்டியில் எழுதப்பட்ட ‘என் அயூனாஸ்’, ‘காதா ஓச்சோ ஓராஸ்’ ஆகியவற்றை எப்படிப் பின்பற்றுவது?

கேள்வி: வழிப்போக்கன்

வணக்கம். நான் இப்போது கிரனாடாவில் இருக்கிறேன். நேற்று கடைவாய்ப்பல்லில் சீழ் வைத்து வீங்கியதால் ஒரு பல் மருத்துவரிடம் சென்றேன். அவர் எழுதித் தந்த மூன்று மருந்துகளையும் பச்சைச் சிலுவை விளக்கு எரியும் மருந்தகத்தில் வாங்கினேன். அங்கிருந்த அம்மையார் ஒவ்வொரு பெட்டியின் மீதும் பேனாவால் எழுதிக் கொடுத்தார். எனக்கு ஸ்பானிய மொழி தெரியாததால், அவர் எழுதியதை விடுதி வரவேற்பாளரிடம் காட்டி வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் குறித்துக்கொண்டேன்.

முதல் பெட்டி அமாக்சிசிலின், கிளாவுலானிக் அமிலம், 875/125 மில்லிகிராம்: ‘காதா ஓச்சோ ஓராஸ், 7 நாட்கள்’. இரண்டாவது ஒமெப்ரசோல் 20 மில்லிகிராம்: ‘என் அயூனாஸ்’. மூன்றாவது இபுப்ரோஃபென் 600 மில்லிகிராம்: ‘காதா ஓச்சோ ஓராஸ், சி தொலோர், கொன் கொமீதா’.

முதல் பெட்டியிலிருந்து நேற்று மாலை 5 மணிக்கு ஒன்று, நள்ளிரவு தாண்டி 1 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து ஒன்று, இன்று காலை 9 மணிக்கு ஒன்று என விழுங்கியிருக்கிறேன். ஏழு நாளும் இப்படி நடுராத்திரியில் எழ வேண்டுமா? ஒமெப்ரசோலை வெறும் வயிற்றில் என்றால், மதிய உணவு செரித்த பின் மாலை 6 மணிக்குப் போட்டுக்கொள்ளலாமா? இன்னும் அதைத் தொடங்கவில்லை.

பதில்: கடலோரம்

நண்பரே, இதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. ‘காதா ஓச்சோ ஓராஸ்’ என்றால் எட்டு மணி நேரத்திற்கு ஒருமுறை, அதாவது நாளுக்கு மூன்று வேளை. நம் ஊரில் சீட்டில் 1-1-1 என்று எழுதுவார்களே, அதேதான். காலை, மதியம், இரவு உணவுக்குப் பின் போட்டுக்கொண்டால் போதும். ‘கொமீதா’ என்றால் மதிய உணவு என்பதால், இபுப்ரோஃபென் மதியம் மட்டும்.

பதில்: மருந்தாளுநர், வலென்சியா

மேலே சொன்னதில் ஒரு பகுதி சரி, ஆனால் முக்கியமான இரண்டு இடங்களில் திருத்தம் தேவை.

நாளுக்கு மூன்று என்ற எண்ணிக்கை ஒன்றுதான் என்றாலும் இடைவெளி ஒன்றல்ல. காலை 8 மணிக்குச் சிற்றுண்டி, பிற்பகல் 2 மணிக்கு உணவு, இரவு 9 மணிக்கு உணவு என்று கொண்டால், இரவு வேளைக்கும் மறுநாள் காலை வேளைக்கும் இடையே பதினொரு மணி நேரம் ஓடிவிடுகிறது. அமாக்சிசிலின் இரத்தத்தில் சுமார் ஒரு மணி நேரத்திற்கு ஒருமுறை பாதியாகக் குறையும் மருந்து; அது போதிய அளவில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைப் பொறுத்தே கிருமி அடங்கும். அதனால்தான் உங்கள் பெட்டியில் ‘நாளுக்கு மூன்று’ என்று எழுதாமல் மணிக்கணக்கை எழுதியிருக்கிறார்கள்.

அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இன்று பிற்பகல் வேளையை 5 மணிக்குப் பதிலாக 4.30-க்கும், அடுத்ததை நள்ளிரவு 12-க்கும், நாளை காலை வேளையை 7.30-க்கும் எடுங்கள். ஒவ்வொரு இடைவெளியும் ஏழரை மணி நேரம்தான் என்பதால் இந்தச் சிறு நகர்த்தலால் தீங்கில்லை. அதன்பின் காலை 7.30, பிற்பகல் 3.30, இரவு 11.30 என்று நிலைநிறுத்திவிடலாம். அரை மணி, ஒரு மணி நேரம் முன்பின் ஆனால் கவலைப்பட வேண்டாம்; ஒரு வேளை தவறிவிட்டது என்று அடுத்த வேளையில் இரண்டாக விழுங்குவதுதான் கூடாது.

இந்த மாத்திரையை உணவின் தொடக்கத்தில் எடுப்பதே நல்லது; வயிற்றுப் புரட்டல் குறையும். ஸ்பெயினில் பிற்பகல் 3.30-க்கும் பல உணவகங்களில் அடுப்பு எரியும், ஆகவே அந்த வேளை எளிது. இரவு 11.30-க்கு ஒரு தயிர்க் கோப்பையோ இரண்டு ரொட்டித் துண்டோ அறையில் வைத்திருங்கள்.

இனி ‘கொமீதா’. இங்கு மதிய உணவுக்கும் அதுதான் பெயர், பொதுவாக உணவுக்கும் அதுதான் பெயர். ‘கொன் கொமீதா’ என்று மட்டும் இருந்தால் ‘உணவோடு’ என்றே கொள்ள வேண்டும். ‘சி தொலோர்’ என்றால் வலித்தால் மட்டும். அப்போது எட்டு மணி நேரம் என்பது கட்டாய வேளை அல்ல, இரண்டு மாத்திரைகளுக்கு இடையே விட வேண்டிய குறைந்தபட்ச இடைவெளி. வலி இல்லையென்றால் போட வேண்டாம்.

பதில்: செம்பருத்தி

‘என் அயூனாஸ்’ பற்றி எச்சரிக்க வேண்டும் என்று எழுதுகிறேன். பார்சிலோனாவில் என் அம்மாவுக்குச் சர்க்கரைப் பரிசோதனைச் சீட்டிலும் இதே சொற்கள்தான் இருந்தன. முந்தைய இரவு உணவுக்குப் பின் எட்டு மணி நேரத்திற்கும் மேலாக எதுவும் சாப்பிடாமல் வரச் சொன்னார்கள். ஆகவே நீங்களும் எட்டு மணி நேரம் பட்டினி கிடந்த பிறகே ஒமெப்ரசோலைப் போட வேண்டியிருக்கும். அப்படியென்றால் இரவு 11.30 மணி ரொட்டி ஒத்துவராதே?

பதில்: மருந்தாளுநர், வலென்சியா

செம்பருத்தி, உங்கள் அம்மாவுக்குச் சொன்னது இரத்தப் பரிசோதனைக்கு உரியது. அங்கே மணிக்கணக்கு முக்கியம், பரிசோதனைக்கூடம் சொல்லும் நேரத்தையே பின்பற்ற வேண்டும். மாத்திரைப் பெட்டியில் அதே சொற்கள் வந்தால், காலையில் எழுந்ததும், சிற்றுண்டிக்கு முன்பு, தண்ணீரோடு என்று பொருள். இரவில் சாப்பிட்ட ரொட்டி அதற்குத் தடையாகாது.

வழிப்போக்கன் கேட்ட மாலை 6 மணி பொருத்தமல்ல. வயிறு காலியாக இருப்பதோடு, அதன்பின் உணவு வருவதும் வேண்டும். உணவு வரும்போதுதான் வயிற்றில் அமிலச் சுரப்பு முழு வேகத்தில் தொடங்கும், அதற்கு முன்பே மருந்து இரத்தத்தில் வந்திருக்க வேண்டும். உங்கள் நேரப்படி காலை 7 மணிக்கு ஒமெப்ரசோல், 7.30-க்குச் சிற்றுண்டியும் அமாக்சிசிலினும். அந்த அரை மணி நேரத்தில் பால் காப்பி வேண்டாம், வெறும் தண்ணீர் மட்டும். ஒமெப்ரசோல் கேப்சூலைத் திறக்காமலும் மெல்லாமலும் அப்படியே விழுங்குங்கள்.

பென்சிலின் ஒவ்வாமை இருக்கிறதா என்று பல் மருத்துவர் கேட்டிருப்பார் என்று நம்புகிறேன். உடலில் தடிப்போ உதட்டில் வீக்கமோ வந்தால் மாத்திரையை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத் திணறினால் உடனே 112-ஐ அழையுங்கள்.

வழிப்போக்கன்

மிக்க நன்றி. ஒவ்வாமை பற்றிக் கேட்டார். எனக்கு எதுவும் இல்லை. பிற்பகல் மாத்திரையை 4.30-க்கு எடுத்துவிட்டேன்.

இப்போதுதான் இன்னொன்றைக் கவனித்தேன். எட்டு மணி நேரத்திற்கு ஒன்றாக ஏழு நாளுக்கு 21 மாத்திரைகள் வர வேண்டும். பெட்டியில் 20 என்று அச்சிட்டிருக்கிறது. கடைசி வேளையை விட்டுவிடலாமா?

பதில்: கடலோரம்

‘கொமீதா’ பற்றிய திருத்தத்திற்கு நன்றி. இதில் என் கருத்து, ஒன்று குறைந்தால் ஒன்றும் ஆகிவிடாது என்பதே.

பதில்: மருந்தாளுநர், வலென்சியா

அந்தப் பெட்டி 20 ஆகவும் 30 ஆகவும் வருவதால் இந்தக் கணக்கு பலருக்கும் இடிக்கும். மருத்துவர் ஏழு நாளைத்தான் மனத்தில் வைத்தாரா, ஒரு பெட்டி முடியும் வரை என்று நினைத்தாரா என்பதை வெளியிலிருந்து நான் முடிவு செய்ய முடியாது. நீங்கள் ஊர் மாறுவதற்கு முன், மருந்துச் சீட்டோடு கொடுத்த அறிவுரைத் தாளை எடுத்துக்கொண்டு அதே பல் மருத்துவரிடம் கேளுங்கள். அந்தத் தாளில் எத்தனை நாள் என்று எழுதும் இடம் இருக்கும். அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறீர்களா?

வழிப்போக்கன்

இரண்டு இடத்தில் எண்கள் இருக்கின்றன, கையெழுத்து புரியவில்லை. நாளை காலை மருத்துவமனை திறந்ததும் கேட்டு எழுதுகிறேன்.