ஞாயிறு கால்பந்து கிளப்: உடை மாற்றும் அறை, வாட்ஸ்அப் பற்றி ஒரு யோசனை வேண்டும்

வணக்கம். எங்கள் தெருக்காரர்கள் ஐந்து பேர் சேர்ந்து சம்பளம் இல்லாமல் நடத்தும் கிளப் இது. 8 முதல் 15 வயது வரை முப்பது பிள்ளைகள் வருகிறார்கள்.

போன மாதம் எங்களில் ஒருவர் பதின்மூன்று வயதுப் பையனுக்கு இரவு பத்தரைக்கு, "இன்னைக்கு சூப்பரா ஆடினே, வீட்ல சொல்லாதே, உனக்கு புது ஷூ வாங்கித் தர்றேன்" என்று அனுப்பியிருக்கிறார். பையனின் அம்மா காட்டியதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் பாசத்தில்தான் செய்தேன் என்கிறார். இருக்கலாம். ஆனால் இரவு நேரம், பரிசு, ரகசியம் மூன்றும் ஒரே செய்தியில். இப்போதைக்கு அவரை மைதானத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லி, செய்தியைப் படமெடுத்து வைத்திருக்கிறோம். இனி பெற்றோர் இருக்கும் குழுவில் மட்டும்தான் பேச்சு.

உடை மாற்ற ஒரே அறைதான். சின்னவர்கள் முதலில், பெரியவர்கள் அப்புறம். கதவுக்கு வெளியே, சத்தம் கேட்கும் தூரத்தில் இரண்டு பெரியவர்கள். செல்போன்கள் கூடையில்.

உதவியாளர்களிடம் காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று கேட்கிறோம். ஆனால் பதிவான வழக்குதானே அதில் தெரியும்? அதனால் முன்பு வேலை செய்த இரண்டு இடங்களுக்கு நானே போன் செய்து, "திரும்பக் கூப்பிடுவீர்களா?" என்று கேட்கிறேன். தயக்கம் குரலில் தெரிந்துவிடும்.

என் கேள்வி: இந்தச் செய்தியை மட்டும் வைத்து குழந்தைகள் உதவி எண் 1098-ல் சொல்லி ஆலோசனை கேட்டவர்கள் யாராவது உண்டா? பையனிடம் நாங்களே துருவிக் கேட்காமல் இருப்பது சரிதானே?